நடக்கிறார், ஆனால் சட்டை போட முடியவில்லை

பக்கவாதம் வந்து ஒன்றரை மாதம் ஆன ஒருவரை எண்ணிப் பார்ப்போம். 62 வயது, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்ததால் இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பயிற்சி தருகிறார். இப்போது கைத்தடியுடன் தெருமுனை வரை போய் வருகிறார். பார்ப்பவர்கள் தேறிவிட்டார் என்கிறார்கள்.

மனைவி சொல்லும் கதை வேறு. தட்டில் வலப்பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, “பொரியல் வைக்கலியா?” என்கிறாராம். பொரியல் இடப்பக்கம் அப்படியே இருக்கிறது. சவரம் செய்தால் இடது கன்னம் பாதியில் நிற்கிறது. போகிற வருகிற போதெல்லாம் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்கிறார். வீம்பு, மறதி என்று வீட்டில் ஆளுக்கொரு பெயர் வைக்கிறார்கள். கண்ணைச் சோதித்தால் குறை இல்லை. மூளை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே கவனிக்காமல் விடுகிறது. வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டவர்களிடம் இது அடிக்கடி தென்படும்.

இங்கேதான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தேவைப்படுகிறார். பிசியோதெரபிஸ்ட் பார்ப்பது உடலின் இயக்கத்தை: படுக்கையில் புரள்வது, சாயாமல் உட்கார்வது, எழுவது, தளர்ந்த காலில் எடையைத் தாங்குவது, நடப்பது. முதல் வாரங்களில் அவர் இல்லாமல் முடியாது. வீட்டார் செய்யும் பெரிய தவறு ஒன்றையும் அவர்தான் தடுப்பார். நோயாளியைத் தூக்கிவிட, தளர்ந்த கையைப் பிடித்து இழுக்கிறோம். தோள் மூட்டைப் பிடித்துவைக்கும் தசைகளில் வலு இல்லாததால் எலும்பு இறங்கி, மாதக்கணக்கில் தோள்வலி தங்கிவிடும். இடுப்பைச் சுற்றிப் பெல்ட் போட்டு அதைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பார்ப்பது நாளின் வேலைகளை. நம் கண்டக்டரின் தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, ஒவ்வொரு கவளத்துக்கும் முன்னால் அதைத் தேடிப் பார்க்கச் சொல்வார். சட்டை போடும்போது தளர்ந்த இடது கை முதலில், கழற்றும்போது நல்ல வலது கை முதலில். இந்த வரிசை மாறினால் அரை மணி நேரம் போராடினாலும் சட்டை ஏறாது. வேட்டி முடிச்சு ஒற்றைக் கையால் வராது என்றால், ஒட்டு வைத்த வேட்டி. குளியலறையை நேரில் பார்த்து, கைப்பிடியை நல்ல கைக்கு எட்டும் பக்கத்தில் பதிக்கச் சொல்வார். வீட்டைப் பார்க்காமல் இதை எழுதித் தருபவரை நான் முழுதாக நம்பமாட்டேன்.

ஆக, கால் என்றால் பிசியோ, கை என்றால் ஆக்குபேஷனல் என்று பிரிப்பது சரியல்ல. தளர்ந்த கையை இருவருமே பயிற்றுவிப்பார்கள். பக்கவாதத்துக்குப் பெரும்பாலும் இருவரும் வேண்டும். முன்பின்னாக அல்ல, சேர்ந்தே. நடைமுறைச் சிக்கல் என்னவென்றால், தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைத் தேடிப் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கிறது. அதுவரை, தட்டு, சட்டை, குளியல் மூன்றையும் வருகிற பிசியோதெரபிஸ்ட்டிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். ‘கை வரலை’ என்று மட்டும் சொன்னால் அவருக்கு எதுவும் விளங்காது.

மணிக்கட்டு முறிந்தால் யாரிடம் போவது என்பது பக்கவாதத்தைவிட எளிய கேள்வி. வழுக்கி விழும்போது கையை ஊன்றியதால் வந்த சாதாரண முறிவுக்கு ஏறக்குறைய 6 வாரம் மாவுக்கட்டு. கட்டு இருக்கும்போதே விரல், முழங்கை, தோள் மூன்றையும் அசைத்துவர வேண்டும்; கட்டுப் பிரித்த பிறகு பெரும்பாலோருக்குப் பிசியோதெரபிஸ்ட் போதும். தாமதமாகத் திரும்புவது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் அசைவு. சில்லறை வாங்கவும், முகம் கழுவத் தண்ணீர் ஏந்தவும் அதுதான் வேண்டும். முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்துத் திருப்பிப் பாருங்கள். முழங்கை விலகினால், முன்கையின் வேலையைத் தோள் செய்கிறது.

கத்தியோ கண்ணாடியோ பட்டுத் தசைநார் அறுந்து தைத்திருந்தால் கதை மாறும். கையைக் கையாளத் தனியாகப் பயின்றவரிடம் முதல் வாரத்திலேயே போக வேண்டும். அவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாகவோ பிசியோதெரபிஸ்ட்டாகவோ இருக்கலாம். வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டைக் கையின் மேலேயே வளைத்து ஸ்பிளின்ட் செய்து, எந்த விரலை எவ்வளவு மடக்கலாம் என்று அளந்து சொல்வார். அசைக்காமலே விட்டால் நார் சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும். அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று ரப்பர் பந்தை வாங்கி அமுக்கினால், தையல் அறுந்து மறுபடியும் அறுவைசிகிச்சை மேஜைக்குப் போக நேரும்.

முறிவோ தையலோ, கட்டுக்குப் பிறகு வலி நாளுக்கு நாள் ஏறி, கை வீங்கி, தோல் மினுங்கி, தொட்டாலே எரிகிறது என்றால் இருவரில் யார் என்ற யோசனையை விட்டுவிட்டு முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.