உளுந்தின் வேர் முடிச்சு என்ன சொல்கிறது?

உளுந்து விதைத்து முப்பது, முப்பத்தைந்து நாளில், பூக்கும் தறுவாயில், வயலின் பல இடங்களிலிருந்து பத்துச் செடிகளை எடுத்துப் பாருங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும்.

முடிச்சு விரலால் தட்டினால் உதிரும். வேரே வீங்கி, உதிராமல் இருந்தால் அது நூற்புழுவின் வேலை. எண்ணிக்கையைவிட நிறம் முக்கியம். நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. வெள்ளை என்றால் இன்னும் முதிரவில்லை, அல்லது பயனற்றது. பச்சை, பழுப்பு என்றால் ஓய்ந்துவிட்டது.

பெரும்பாலான செடிகளில் ஆணிவேரை ஒட்டிச் சிவந்த முடிச்சுகள் இருந்தால், ரைசோபியம் விதைநேர்த்தியால் பெரிய லாபம் எதிர்பார்க்க வேண்டாம். உளுந்துக்கு ஏற்ற பாக்டீரியா நம் மண்ணில் பரவலாக உண்டு. பல ஆண்டுகளாகப் பயறே போடாத நிலத்திலும், புதிதாகக் கொண்டைக்கடலை போடும் நிலத்திலும் கதை வேறு. கொண்டைக்கடலைக்குத் தனி இனம் வேண்டும், உளுந்துப் பொட்டலம் உதவாது.

முடிச்சு குறைந்ததற்குக் காரணம் யூரியா மிகுதியோ நீர்த்தேக்கமோ என்றால் பொட்டலம் தீர்க்காது. சந்தேகமிருந்தால், காலாவதியாகாத பொட்டலத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதையுங்கள். ஒரு பாத்தியில் மட்டும் பூசாத விதையை முதலில் விதைத்துவிடுங்கள். இரண்டின் வேரையும் விளைச்சலையும் ஒப்பிட்ட பிறகு அடுத்த பருவத்துக்கு முடிவெடுங்கள்.