வேலியைத் தாங்குவது மூலைக்கால்

வாங்கிப்போட்ட மனைக்குக் கம்பிவேலி போடுகிறவர்கள் முதலில் கேட்பது, "வலை எத்தனை கேஜ்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மூன்று வருடத்தில் தொங்கிப்போன வேலிகளைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வலை நன்றாகவே இருக்கும். மூலைக்கால்தான் உள்பக்கம் சாய்ந்திருக்கும்.

காரணம் எளிது. வரிசையில் நடுவே நிற்கும் கல்லைக் கம்பி இரண்டு பக்கமும் சமமாக இழுக்கிறது. அந்த இழுப்பு ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுவதால் அந்தக் கல் வலையைத் தூக்கிப் பிடித்தாலே போதும். மூலைக்காலை இரண்டு வரிசைகளும் மனைக்குள் இழுக்கின்றன. வெளிப்பக்கம் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கேட் பக்கத்துக் கல்லுக்கும் இதே நிலைதான்.

40 அடிக்கு 60 அடி மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 200 அடி. வேலி 5 அடி உயரம், முன்பக்கம் ஒரு கேட். கல்லுக்குக் கல் 10 அடிக்கு மேல் போகக்கூடாது. அந்தக் கணக்கில் மூலைக்கும் கேட்டுக்கும் சேர்த்து 20 சிமெண்ட் கல் வேண்டும். பலர் இதோடு ஆர்டரை முடித்துவிடுகிறார்கள். மூலைக்கு இரண்டு முட்டுக்கால், கேட்டின் இருபுறமும் ஒவ்வொன்று என இன்னும் 10 கல் சேர்க்க வேண்டும். மொத்தம் 30. மேஸ்திரி 20 கல்லுக்கு மட்டும் விலை சொன்னால், முட்டு எங்கே என்று அங்கேயே கேளுங்கள்.

நடுக்கல்லுக்கு 7 அடிக் கல் போதும்: 2 அடி மண்ணுக்குள், 5 அடி மேலே. குழி ஓரடிச் சதுரம். மூலைக்கும் கேட்டுக்கும் 8 அடிக் கல் வாங்கி 3 அடி இறக்குங்கள். குழி ஒன்றரை அடிச் சதுரம். குழியின் பக்கங்கள் நேராக இறங்க வேண்டும். மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் தோண்டினால், கரிசல் மண் மழையில் உப்பும்போது கான்கிரீட்டோடு கல்லை மேலே தூக்கிவிடும். கரிசலில் அடியைச் சற்று அகட்டித் தோண்டுவது நல்லது. கலவை 1:2:4. கான்கிரீட்டின் தலையைத் தரைக்கு ஒரு அங்குலம் மேலே கொண்டுவந்து சரிவாகப் பூசினால், கல்லின் அடியில் தண்ணீர் நிற்காது.

மூலையில் இன்னொரு சிக்கல் உண்டு. எல்லைப் புள்ளியில் ஏற்கெனவே சர்வே கல் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழியிலேயே மூலைக்காலை நடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். நாளைக்குத் தகராறு வந்தால் உங்களுக்குச் சாட்சி அந்தக் கல்தான். வேலிக்கோட்டை எல்லையிலிருந்து முக்கால் அடி உள்ளே போட்டுக்கொண்டால், சர்வே கல்லும் தப்பும், ஒன்றரை அடிக் குழியும் பக்கத்து மனைக்குள் போகாது. இதனால் கல் இடைவெளி 10 அடிக்குச் சற்றுக் குறையும். அது வேலிக்கு நல்லதே. கேட்டுக்கு மட்டும், கல் நட்ட பிறகு அளவெடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

முட்டுக்காலை மூலையிலிருந்து மனையின் நடுவை நோக்கிக் குறுக்காக ஒன்று கொடுப்பதைவிட, இரண்டு வேலி வரிசையிலும் ஒவ்வொன்று கொடுப்பதே சரி. வலையை ஒரு பக்கம் இழுத்துக் கட்டிய பிறகுதான் மறுபக்கம் இழுப்பார்கள். குறுக்கு முட்டு அந்த ஒருபக்க இழுப்பை நேராக எதிர்க்காது. முட்டின் தலை தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில், மூலைக்காலில் வெட்டிய காடியில் உட்கார வேண்டும். அதன் அடி மூலையிலிருந்து 4 அடி தள்ளி, தோண்டாத கெட்டி மண்ணில் முட்டியபடி கான்கிரீட்டுக்குள் இருக்க வேண்டும். இந்தச் சாய்வுக்கு 7 அடிக் கல்லே சரியாக வரும். முட்டை நிமிர்த்தி நட்டால் அது மூலைக்காலைத் தாங்காது, மேலே நெம்பும்.

கான்கிரீட் போட்டு ஏழு நாள் தண்ணீர் விட்ட பிறகே கம்பியை இழுக்க வேண்டும். காலையில் கல் நட்டு மாலையில் வலை கட்டினால், மூலைக்கால் அன்றைக்கே அசைந்துவிடும். முதலில் மேல், நடு, கீழ் என மூன்று இழுவைக் கம்பிகள். பிறகு அவற்றில் வலையைக் கட்டுக்கம்பியால் கட்டுவது. வலையை மூலையில் வளைத்து அப்படியே கொண்டுபோகக் கூடாது. பின்னலில் ஒரு இழையைத் திருகி உருவினால் வலை அங்கே பிரிந்துவிடும். கடைசிக் கண்களில் ஒரு கம்பியைச் செருகி, அதை மூலைக்காலோடு இறுக்கிக் கட்டி முடித்து, மறுபக்கத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

கூலியின் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் நான்கு மூலையிலும் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். மூலைக்காலுக்கு வெளிப்பக்கம், கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே விரிசல் தெரிந்தால் கால் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். வலையைத் தளர்த்தி, காலை நிமிர்த்தி, முட்டைச் சரிசெய்து தரச் சொல்லி, அதன் பிறகு பணம் கொடுங்கள்.