டிராக்டர் டேஷ்போர்டில் எரியும் விளக்குகள்

டிராக்டரில் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டின் எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரியும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அவை அணைந்துவிட வேண்டும். வழக்கமாக எரியும் விளக்கு சாவி போட்டும் எரியாவிட்டால், அதன் பல்பையோ வயரையோ பார்க்க வேண்டும். பொதுவாகச் சிவப்பு எரிந்தால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும். மஞ்சள் எரிந்தால் விரைவில் கவனிக்க வேண்டும்.

பி.டி.ஓ. விளக்கு பழுதைக் காட்டுவதல்ல. ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு இணைப்பில் இருக்கிறது என்பதே அதன் பொருள். பெரும்பாலான கருவிகளுக்கு இந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். வேட்டியோ துண்டோ சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். அதனால் ரோட்டவேட்டரில் சிக்கிய வைக்கோலை எடுக்க இறங்கும் முன், பி.டி.ஓ.வை விடுவித்து இன்ஜினையும் நிறுத்த வேண்டும். விளக்கு அணைந்தாலும், தண்டு சுற்றி ஓயும்வரை அருகே போகக்கூடாது. பல மாடல்களில் பி.டி.ஓ. இணைப்பில் இருந்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட்டரைச் சந்தேகிக்கும் முன் அந்த லீவரைப் பார்ப்பது நல்லது.

ஹைட்ராலிக் ஃபில்டர் விளக்கு, ஃபில்டர் வழியே எண்ணெய் சிரமப்பட்டுப் போவதைக் காட்டுகிறது. குளிர்ந்த காலையில் எண்ணெய் கெட்டியாக இருப்பதால் சிறிது நேரம் எரிந்து, சூடேறியதும் அணைந்தால் கவலையில்லை. சூடேறிய பிறகும் எரிந்தால் ஃபில்டர் அடைத்துவிட்டது. பல டிராக்டர்களில் அப்போது ஒரு வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயைப் பம்புக்கும் லிஃப்டுக்கும் விடும். லிஃப்ட் வழக்கம்போல் தூக்குவதால் எல்லாம் சரி என்று தோன்றும்; உள்ளே தேய்மானம் நடந்துகொண்டிருக்கும்.

டீசலில் தண்ணீர் என்னும் மஞ்சள் விளக்கைத் தள்ளிப்போடக் கூடாது. டீசலைவிடத் தண்ணீர் கனமானது; அதனால் ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தங்கும். டீசல் மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தாது, தண்ணீர் கடத்தும். கிண்ணத்தில் உள்ள சென்சார் முனைகளைத் தண்ணீர் தொட்டதும் விளக்கு எரியும். காமன் ரெயில் இன்ஜினில் டீசல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. பம்புக்கு உயவும் அந்த டீசல்தான். தண்ணீர் புகுந்தால் உயவு போய், பம்பும் இன்ஜெக்டரும் துருப்பிடித்துத் தேயும்.

விளக்கு எரிந்தால் இன்ஜினை நிறுத்தி, கிண்ணத்தின் கீழே ஒரு கண்ணாடிக் குவளையைப் பிடித்து வடிகால் திருகைத் தளர்த்த வேண்டும். குவளையில் தண்ணீர் அடியிலும் டீசல் மேலுமாகப் பிரிந்து நிற்கும். தண்ணீர் நின்று சுத்தமான டீசல் மட்டும் வரும்போது திருகை இறுக்கி, கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். சில மணி நேரத்தில் விளக்கு மறுபடி எரிந்தால் தண்ணீர் டேங்கின் அடியிலேயே இருக்கிறது. டேங்கையும் வடிக்க வேண்டும். வடித்த பிறகும் விளக்கு அணையாவிட்டால் சென்சாரையோ அதன் வயரையோ மெக்கானிக்கிடம் காட்டுவதுதான் வழி.

பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் நீர்த்துளியாகும். மாலையிலேயே டேங்கை நிரப்பினால் அதற்கு இடமிருக்காது. பேரலில் வாங்கிய டீசலைத் தெளியவிட்டு, அடிமண்டி கலங்காமல் மேலிருந்து எடுக்க வேண்டும்.