அறுபத்தைந்து எந்தப் பக்கம்?

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு உட்காரும் பிள்ளைக்கு ஐந்து எழுத்துகள் தலைகீழ்ப் பாடம். 75-ம் அதற்கு மேலும் எடுத்தால் ஏ. 65 முதல் 74 வரை பி. 50 முதல் 64 வரை சி, அதாவது திறமைச் சித்தி. 35 முதல் 49 வரை எஸ், சாதாரண சித்தி. 35-க்குக் கீழே போனால் டபிள்யூ. மதிப்பெண்ணை அங்கே புள்ளி என்பார்கள். எப்படி அழைத்தாலும், ஒரே ஒரு மதிப்பெண்ணில் எழுத்து மாறிவிடும் என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

தவணைப் பரீட்சைக்கும் இதே எல்லைகளைப் பின்பற்றும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் நாற்பது பேர். வகுப்பாசிரியருக்குக் கொஞ்சம் பைத்தான் தெரியும். ஒவ்வொரு பிள்ளையின் சராசரியையும் எழுத்தாக மாற்ற அவர் ஒரு நிரல் எழுத உட்காருகிறார். கையேட்டில் அட்டவணை எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுகிறார்:

```python
if 75 <= m <= 100: g = "A"
elif 65 <= m <= 74: g = "B"
elif 50 <= m <= 64: g = "C"
elif 35 <= m <= 49: g = "S"
elif 0 <= m <= 34: g = "W"
```

பார்த்தால் குறையே தெரியாது. முழு எண்கள் வரும்வரை சரியாகவும் ஓடும். ஆனால் இது சராசரி. ஒரு மாணவிக்கு 49.5 வருகிறது. 49-க்கு மேல், 50-க்குக் கீழ். ஐந்து வரிகளில் எதுவும் அவளைப் பிடிக்கவில்லை. நிரல் பிழை என்று சொல்லி நிற்கவும் இல்லை. பட்டியலில் அவளுக்கு முன்னால் இருந்த பிள்ளைக்குப் போட்ட எழுத்து `g`-யில் அப்படியே கிடக்கிறது. அதுவே இவளுக்கும் அச்சாகிறது. முன்னால் இருந்தவன் ஏ வாங்கியிருந்தால் இவளுக்கும் ஏ. அவன் டபிள்யூ என்றால் இவளும் டபிள்யூ.

கோளாறு ஆசிரியரின் கவனக்குறைவில் இல்லை. ஒவ்வொரு தரத்துக்கும் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று என்று இரண்டு எண்களைச் சொன்னதில் இருக்கிறது. 49-ல் ஒன்று முடிந்து 50-ல் அடுத்தது தொடங்கினால், நடுவில் ஒரு சந்து விழுந்துவிடுகிறது.

வயலைப் பங்கு பிரிப்பவர்கள் இப்படிச் செய்வதில்லை. இரண்டு பங்குக்கு நடுவே ஒரே ஒரு வரப்பு போடுவார்கள். வரப்புக்கு இந்தப் பக்கம் ஒருவருடையது, அந்தப் பக்கம் மற்றவருடையது. யாருக்கும் சேராத நிலம் என்று எதுவும் மிஞ்சாது. நான்கு வரப்பு போட்டால் ஐந்து வயல். மதிப்பெண்ணையும் அப்படிப் பிரிக்கலாம்: 35, 50, 65, 75 என்று நான்கு வரப்புகள். ஒரு மதிப்பெண் எத்தனை வரப்பைத் தாண்டியிருக்கிறது என்று எண்ணினால் போதும், அது எந்த வயலில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். 49.5 ஒரு வரப்பைத் தாண்டியிருக்கிறது, ஆகவே எஸ்.

இந்த எண்ணும் வேலையைச் செய்யவே பைத்தானோடு கூடவே வரும் மாட்யூல் `bisect`. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

```python
from bisect import bisect_right
cuts = [35, 50, 65, 75]
def grade(m):
    return "WSCBA"[bisect_right(cuts, m)]
```

தாண்டிய வரப்புகளின் எண்ணிக்கை 0 என்றால் முதல் எழுத்து டபிள்யூ. 4 என்றால் கடைசி எழுத்து ஏ. எல்லை நாளை மாறினாலும் ஒரு பட்டியலைத் திருத்தினால் முடிந்தது.

இந்த மாட்யூல் வரப்புகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் போவதில்லை. நடுவில் இருப்பதை முதலில் பார்க்கும். மதிப்பெண் சரியாக 65 என்று வைத்துக்கொள்வோம். நடு வரப்பு 65. "மதிப்பெண் இதைவிடக் குறைவா?" என்பது கேள்வி. 65 என்பது 65-ஐவிடக் குறைவு இல்லை. ஆகவே இடப்பக்கம் முழுவதும் கழிந்தது. வலப்பக்கம் பார்க்க வேண்டும். அங்கே மிச்சம் 75 மட்டும். அதைவிடக் குறைவா? ஆம். தேடல் முடிந்தது. தாண்டிய வரப்புகள் மூன்று, எழுத்து பி. இரண்டே ஒப்பீடு.

இதற்கு அண்ணன் தம்பி போல இன்னொரு ஃபங்ஷன் உண்டு: `bisect_left`. அது கேட்கும் கேள்வி வேறு: "வரப்பு மதிப்பெண்ணைவிடக் குறைவா?" மதிப்பெண்ணும் வரப்பும் சமமாக இருந்தால், வரப்பை இன்னும் தாண்டவில்லை என்று இது கணக்கிடும். அதே 65-ஐக் கொடுத்தால் விடை 2, எழுத்து சி. மற்ற எல்லா மதிப்பெண்ணுக்கும் இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். சரியாக வரப்பின் மேலேயே நிற்கும் பிள்ளைக்கு மட்டும் வேறுபடும். 35 எடுத்துக் கரையேறியவனை `bisect_left` டபிள்யூ ஆக்கிவிடும்.

எதைப் பயன்படுத்துவது என்பதை விதியின் வாசகமே சொல்லிவிடும். "65-ம் அதற்கு மேலும்" என்றால் எல்லை மேல் வகுப்பைச் சேர்ந்தது, `bisect_right` வேண்டும். "50 கிராம் வரை இந்தக் கட்டணம்" என்றால் 50 கீழ் வகுப்பைச் சேர்ந்தது, அங்கே `bisect_left`. வெறுமனே `bisect` என்று எழுதினால் அது `bisect_right`-க்கு மறுபெயர்.

இந்தக் கருவி உங்களை முழுக்க நம்புகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வரப்புகள் ஏறுவரிசையில் இருக்கின்றனவா என்று அது சரிபார்ப்பதில்லை. தட்டச்சில் கை தவறி `[35, 65, 50, 75]` என்று விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 55 எடுத்த பிள்ளையை அனுப்பினால், நடுவில் நிற்கும் 50-ஐத் தாண்டியாயிற்று என்று வலப்பக்கம் போகும், 75-ல் நிற்கும், விடை 3, எழுத்து பி. கிடைத்திருக்க வேண்டியது சி. இதில் இன்னொரு சிக்கல், இதே பட்டியலில் 40-க்கு எஸ்-ம், 70-க்கு பி-ம், 80-க்கு ஏ-வும் சரியாகவே வரும். மூன்று எண்களைப் போட்டுப் பார்த்து "ஓடுகிறது" என்று திருப்திப்பட்டால், 50-க்கும் 65-க்கும் நடுவே உள்ளவர்கள் அத்தனை பேருக்கும் தரம் ஒரு படி ஏறிவிட்டது தெரியாமலே போகும். `assert cuts == sorted(cuts)` என்ற ஒரு வரி இதைத் தடுக்கும்.

பரீட்சைக்கு வராத பிள்ளையின் கதை இன்னும் விசித்திரம். அட்டவணைக் கோப்பிலிருந்து மதிப்பெண்களைப் படிக்கும்போது, காலியான கட்டம் பல நேரம் `nan` என்ற மதிப்பாக உள்ளே வரும். எண் இல்லை என்று பொருள். அதை எதனோடு ஒப்பிட்டு "குறைவா?" என்று கேட்டாலும் இல்லை என்றே பதில் வரும். `bisect_right` ஒவ்வொரு வரப்பிலும் அதே பதிலைக் கேட்டு வலப்பக்கமே நகர்ந்து, நான்கையும் தாண்டிவிடும். வராத பிள்ளைக்கு ஏ. ஆகவே தரம் போடுவதற்கு முன்பே வராதவர்களைப் பிரித்தெடுத்துவிட வேண்டும். 105 என்று தவறாக ஏறிய மதிப்பெண்ணும் ஏ ஆகிவிடும் என்பதால், 0-க்கும் 100-க்கும் உள்ளே இருக்கிறதா என்ற சோதனையும் அங்கேயே இருக்கட்டும்.

இதுவரை வரப்புகள் அசையவில்லை. மதிப்பெண்கள் வந்து போயின. வரிசையே வளர வேண்டும் என்றால்? வகுப்பில் எட்டுப் பேரின் சராசரி ஏறுவரிசையில் இருக்கிறது. காய்ச்சலால் பின்னர் எழுதிய ஒருவனின் 61 இப்போது சேர வேண்டும். வரிசை கலையக் கூடாது.

```python
from bisect import insort
marks = [38, 47, 52, 58, 65, 65, 71, 84]
insort(marks, 61)
```

`insort` அதே பாதிப் பாதித் தேடலால் இடத்தைக் கண்டுபிடித்து, 58-க்கும் 65-க்கும் நடுவே 61-ஐச் செருகிவிடும். வரிசை கலையாததால் அடுத்த கேள்விக்கும் உடனே பதில் கிடைக்கிறது. இப்போது மொத்தம் ஒன்பது பேர். `bisect_right(marks, 61)` தரும் விடை 5. ஒன்பதில் ஐந்து போக நால்வர் அவனுக்கு மேலே. அவன் இடம் ஐந்தாவது. 65-க்குக் கேட்டால் 7; மேலே இருவர்; 65 எடுத்த இருவருமே மூன்றாம் இடம். யார் பெயரையும் முன்பின் பார்க்காமல் சம இடம் தானாகவே அமைகிறது.

பெயரையும் மதிப்பெண்ணையும் சேர்த்து வைத்திருந்தால், எதை வைத்து வரிசைப்படுத்துவது என்று `key` மூலம் சொல்லலாம், பைத்தான் 3.10 முதல் இந்த வசதி உண்டு. அதில் ஒரு இடறல் இருக்கிறது. `insort`-க்கு முழுப் பதிவையும் கொடுக்க வேண்டும். அதிலிருந்து மதிப்பெண்ணை அதுவே எடுத்துக்கொள்ளும். `bisect_right`-க்கோ மதிப்பெண்ணை மட்டும் கொடுக்க வேண்டும். தேடப்படும் மதிப்பின் மேல் அது `key`-யைப் பயன்படுத்தாது.

செலவையும் பார்த்துவிடுவோம். ஒரு லட்சம் மதிப்பெண்கள் உள்ள வரிசையில் இடத்தைத் தேட அதிகம் போனால் 17 ஒப்பீடுகள். தேடல் மலிவு. செருகல் அப்படியில்லை. நெருக்கி உட்கார்ந்த பெஞ்சில் நடுவே ஒருவருக்கு இடம் கொடுக்க, அவருக்கு வலப்பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு இடம் நகர வேண்டும். லட்சம் பேர் வரிசையில் நடுவே செருகினால் ஐம்பதாயிரம் பேர் நகர்கிறார்கள். கணினி அந்த நகர்த்தலைக் கட்டாக, வேகமாகச் செய்யும் என்பதால் அவ்வப்போது ஒன்றிரண்டு சேர்வதற்குக் கவலை இல்லை. இன்னொரு பள்ளியின் ஆயிரக்கணக்கான மதிப்பெண்கள் ஒரே நேரத்தில் வந்தால், ஒவ்வொன்றாகச் செருகாமல் எல்லாவற்றையும் கடைசியில் சேர்த்து ஒருமுறை `sort()` செய்வதே நல்லது. 2002-ல் டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்காக எழுதிய வரிசைப்படுத்தும் முறை, ஏற்கெனவே வரிசையாக இருக்கும் பகுதிகளைக் கண்டுகொண்டு அந்த உழைப்பை வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ளும்.

தரம் போடும் நிரலை வகுப்புக்குக் கொடுக்கும் முன் எட்டு எண்களைப் போட்டுப் பாருங்கள்: 34, 35, 49, 50, 64, 65, 74, 75. திரையில் `W S S C C B B A` என்று வர வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும், பட்டியலின் வரிசையையும் `left`, `right` எது என்பதையும் முதலில் பாருங்கள்.