ஓடுவதற்கு முன் ஒரு சுவர்

நாளெல்லாம் நாற்காலியில் இருந்துவிட்டு மாலையில் ஓடக் கிளம்புகிறீர்களா? முதலில் சுவரிடம் போங்கள். வெறுங்காலுடன், கட்டைவிரல் நுனி சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கும்படி நின்று, முழங்காலால் சுவரைத் தொடுங்கள். குதிகால் எழும்பினால் கணுக்கால் இறுகியிருக்கிறது. தொட முடிகிற தூரத்துக்கு நெருங்கி, அதே அசைவை மெதுவாகப் 10 முறை செய்யுங்கள். கெண்டைக்காலில் இழுத்தால் சரி. கணுக்காலின் முன்பக்கம் நெரித்தால் தடை பெரும்பாலும் மூட்டில்தான், அழுத்தித் தள்ளாதீர்கள்.

அடுத்து இடுப்பு. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறுகாலை முன்னே வையுங்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: முதுகை வளைத்து முன்னே சாய்கிறார்கள், இடுப்போ அப்படியே இருக்கிறது. சாயவே வேண்டாம். ஊன்றிய பக்கத்துப் பிட்டத்தை இறுக்கி, வால் எலும்பை உள்ளே இழுங்கள். தொடையின் மேற்பகுதி இழுக்கும். பக்கத்துக்கு 30 விநாடி. இடுப்புக்குப் பதில் முதுகு இழுத்தால் எழுந்து மறுபடி தொடங்குங்கள்.