கந்த சஷ்டிக்கு ஒரு விடுப்புக் கடிதம்

தீபாவளிக்குப் பின் வரும் பிரதமையில் கந்த சஷ்டி விரதம் தொடங்குகிறது. ஆறாம் நாள் சூரசம்ஹாரம், மறுநாள் திருக்கல்யாணம். காப்புக் கட்டிக்கொண்டு திருச்செந்தூரிலேயே தங்கி விரதமிருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளையும் அழைத்துப் போகின்றன. அதற்காக எழுதும் கடிதத்தில் பலர் "காய்ச்சல்" என்றே எழுதிவிடுகிறார்கள். அது வேண்டாம். பிள்ளை திரும்பி வந்ததும் தோழிகளிடம் சூரனைப் பார்த்த கதையைத்தான் சொல்லும். தவிர, நீண்ட காய்ச்சலுக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்டால் எங்கே போவது?

2025ஐ எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 20 தீபாவளி, 22 புதன்கிழமை விரதத் தொடக்கம், 27 திங்கள் சூரசம்ஹாரம், 28 திருக்கல்யாணம். தீபாவளி முடிந்து கடிதம் கொடுக்க நாளே இல்லை. அதற்கு முந்தைய வாரமே கொடுத்தாக வேண்டும். மதுரையில் இருக்கும் ஒரு தாய் இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகனும் எங்களுடன் திருச்செந்தூரில் கந்த சஷ்டி விரதம் இருக்கிறார்கள். அக்டோபர் 22, 23, 24, 27, 28, 29 ஆகிய ஆறு பள்ளி நாட்களுக்கு விடுப்பு அளிக்க வேண்டுகிறேன். 30ஆம் தேதி வகுப்புக்கு வருவார்கள். இடையில் தேர்வு ஏதும் இருந்தால் தெரிவிக்கக் கோருகிறேன். விடுபட்ட பாடங்களை அந்த வார இறுதிக்குள் எழுதி முடிக்க வைப்பது என் பொறுப்பு."

'ஒரு வாரம்' என்று மொட்டையாக எழுதாமல் தேதிகளைச் சொன்னதால், சனி ஞாயிறு கழித்து எத்தனை வகுப்பு போகிறது என்பது முதல்வருக்கு உடனே புரிகிறது. 29ஆம் தேதியையும் சேர்த்தது சரியே. இரவு திருக்கல்யாணம் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளை காலையில் வகுப்பில் தூங்கி வழியும். கடிதத்தின் நகலை இரண்டு வகுப்பாசிரியர்களிடமும் கொடுத்துவிட வேண்டும். வருகைப் பதிவேடு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

முதல்வர் அனுமதி தந்தாலும் அந்த ஆறு நாளும் வந்த நாட்களாகக் கணக்கில் ஏறாது. சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு இது இடைஞ்சல் இல்லை. பத்தாம் வகுப்பில் ஏற்கெனவே பல நாள் விடுபட்டிருந்தால் யோசிக்கத்தான் வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் சூரசம்ஹாரத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டாலும் மதுரைப் பள்ளிக்கு அது பொருந்தாது.

24ஆம் தேதி தேர்வு இருக்கிறது என்று முதல்வர் சொன்னால்? சண்டை வேண்டாம். விரதத்தை வீட்டிலும் இருக்கலாம். முதல் மூன்று நாள் பள்ளிக்குப் போய்விட்டு, வெள்ளி மாலை பஸ் ஏறினால் திங்கள் மாலை கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்துவிடலாம். அப்போது கேட்க வேண்டியது 27, 28, 29 என்ற மூன்று நாள் விடுப்பு மட்டுமே.