ஏழில் சனி: தாமதம் உண்டு, தடை இல்லை



33 வயதாகியும் மகனுக்கு வரன் அமையவில்லை, ஏழாம் இடத்துச் சனி குடும்ப வாழ்க்கையே தராது என்று ஒருவர் சொல்லிவிட்டார் என எழுதியிருக்கிறீர்கள். கலங்க வேண்டாம்.

1992-இல் பிறந்த உங்கள் மகனுக்குக் கடக லக்னம். ஏழாம் இடம் மகரம். அது சனியின் சொந்த வீடு. தன் வீட்டில் இருக்கும் கிரகம் அதைக் கெடுப்பதில்லை. ஆனால் ஒரு ராசியைக் கடக்க இரண்டரை ஆண்டு எடுக்கும் சனி, பலனையும் மெதுவாகவே தருவார். முப்பதுக்கு மேல் திருமணம் அமைவது இந்த ஜாதகத்துக்கு இயல்புதான்.

ஏழில் சனி காட்டுவது பக்குவமான துணை. சம வயது, சில சமயம் சற்று மூத்தவர். ஒரு வயது மூத்தவர் என்பதற்காக நீங்கள் வேண்டாம் என்ற ஈப்போ வரனை மறுபடி யோசியுங்கள்.

2026 நடுவில் குரு கடகத்துக்கு வந்து, நேர் ஏழாம் பார்வையாக மகரத்தைப் பார்க்கிறார். பேச்சைத் தொடங்க நல்ல நேரம்.

ஒன்று மட்டும் சரிபாருங்கள். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். ஜாதகத்தில் உள்ள பிறந்த நேரம் பிறப்புப் பத்திரத்தோடு ஒத்துப்போகாவிட்டால், ஏழாம் இடமே மாறிவிடும்; நான் சொன்ன பலனும் பொருந்தாது.